மூன்று வழிகளில் வரும் ரெக்ரூட்டர்களிடம் ஒரு வழியைச் சொல்வது எப்படி?

*மேடம், வணக்கம். சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கிக்கான கணக்குப் பணியில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். கைபேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் பணித்தளத்துக்குள் போக முடியும். வேலை மாறலாம் என்று நௌக்ரியில் என் விவரங்களைப் புதுப்பித்ததிலிருந்து, மதியம் வெளியே வந்து பார்த்தால் தெரியாத எண்களிலிருந்து தவறிய அழைப்புகள். திரும்ப அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. சிலர் வாட்ஸ்அப்பில் "ஹாய்" என்று மட்டும் அனுப்புகிறார்கள், சிலர் மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். மூன்றையும் கவனிக்க முடியவில்லை. ஒன்றை மட்டும் முதன்மையாக வைத்துக்கொள்ளலாமா? அப்படிச் சொன்னால் "இவளுக்கு என்ன இவ்வளவு திமிர்" என்று ஒதுக்கிவிட மாட்டார்களா?*
*— ஒரு வாசகி, சென்னை*

அன்புள்ள வாசகிக்கு,

மின்னஞ்சலை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசிக்கு மதியம் ஒன்று, மாலை ஒன்று என இரண்டு நேரங்களைக் குறித்துக் கொடுங்கள். வாட்ஸ்அப்பை நேர்காணல் நாளின் அவசரத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள். இதை எப்படிச் சொல்வது என்பதற்கு முன்னால், அவர்கள் ஏன் இப்படி விடாமல் அழைக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் உங்கள் தயக்கத்தில் பாதி போய்விடும். நானும் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவள்தான்.

உங்களை அழைப்பவர்களில் பெரும்பாலோர் கன்சல்டன்சிகளில் இருப்பவர்கள். தாங்கள் அனுப்பிய ஆள் வேலையில் சேர்ந்தால்தான் அந்தக் கன்சல்டன்சிக்குப் பணம். ஒரே காலியிடத்தை நான்கைந்து கன்சல்டன்சிகளிடம் ஒரே நேரத்தில் கொடுப்பது நிறுவனங்களின் வழக்கம். காலை 10 மணிக்குக் காலியிட விவரம் வருகிறது, மாலைக்குள் ஐந்து பேருடைய ரெஸ்யூமேவை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரெக்ரூட்டர் நௌக்ரியில் தேடுகிறார். அண்மையில் விவரங்களைப் புதுப்பித்தவர்களை முதலில் பார்க்கிறார், அதனால்தான் நீங்கள் புதுப்பித்ததும் அழைப்புகள் குவிந்தன. முதல் ஆளை அழைக்கிறார், எடுக்கவில்லை என்றால் அடுத்த ஆள். இருபது முப்பது பேரை அழைத்து ஐந்து பேரைப் பிடித்ததும் அன்றைய வேலை முடிந்தது. நீங்கள் மதியம் 1.15-க்குத் திரும்ப அழைக்கும்போது அவர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருப்பார், அல்லது அது அலுவலகத்தின் பொது எண்ணாக இருக்கும், எடுப்பவருக்கு உங்களை யார் அழைத்தார் என்றே தெரியாது. உங்கள் மீது யாருக்கும் கோபமில்லை. அந்த ஐந்து இடங்கள் நிரம்பிவிட்டன, அவ்வளவுதான்.

அந்த முதல் அழைப்பில் அவர் என்ன கேட்கப் போகிறார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் முன்னால் ஓர் எக்ஸெல் தாள் திறந்திருக்கும். மொத்த அனுபவம் எத்தனை ஆண்டு, இந்த வேலைக்குப் பொருந்தும் அனுபவம் எத்தனை ஆண்டு, இப்போதைய சி.டி.சி., எதிர்பார்க்கும் சி.டி.சி., நோட்டீஸ் காலம், இருக்கும் ஊர். இந்த ஆறு கட்டங்களையும் நிரப்பாமல் உங்கள் ரெஸ்யூமேவை நிறுவனத்துக்கு அனுப்ப முடியாது. முதல் அழைப்பின் பெரும்பகுதி இதற்காகத்தான். ஆகவே, இந்த ஆறையும் நீங்களே முன்கூட்டி எழுத்தில் கொடுத்துவிட்டால் அவருக்கு உங்களை அழைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லாமல் போகிறது. "மின்னஞ்சல் அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு வேலை கூடுகிறது. ஆறு விவரங்களோடு சொன்னால் வேலை குறைகிறது. ஒருவரின் வேலையைக் குறைத்துவிட்டு நம் விருப்பத்தைச் சொல்லும்போது யாரும் திமிர் என்று நினைப்பதில்லை.

சொல்லும் வாக்கியம் இப்படி இருக்கலாம். ரெக்ரூட்டருக்கு நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். தொடர்புகொண்டதற்கு நன்றி. கணக்குப் பணியில் பொருத்தமான வாய்ப்புகளைப் பார்த்து வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் பணித்தளத்துக்குள் கைபேசி அனுமதியில்லை. எனவே நிறுவனத்தின் பெயரையும் பணி விவரத்தையும் இந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால் அன்று மாலை 7 மணிக்குள் பதில் தருகிறேன். பேச வேண்டியிருந்தால் மதியம் 1.15 முதல் 1.45 வரை, அல்லது மாலை 6.45-க்குப் பிறகு அழைக்கலாம். உங்கள் வசதிக்காக என் விவரங்களைக் கீழே கொடுத்திருக்கிறேன்."

இதன் கீழே அந்த ஆறு விவரங்கள், இணைப்பில் ரெஸ்யூமே. ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் நிறுவனத்துக்கு ஏற்ப ஒன்றிரண்டு சொற்களை மாற்றி அனுப்பிவிடலாம்.

இந்தக் கடிதத்தில் "அழைக்காதீர்கள்" என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எப்போது அழைக்கலாம் என்று மட்டும் சொல்கிறது. காரணமும் ஒரே வரி. "மன்னிக்கவும், தொந்தரவுக்கு வருந்துகிறேன்" என்று நீட்டி எழுதத் தேவையில்லை. கைபேசி அனுமதிக்காத பணித்தளங்கள் சென்னை, பெங்களூர், ஹைதராபாத் எங்கும் இருக்கின்றன, ஒரு வரியிலேயே ரெக்ரூட்டருக்குப் புரிந்துவிடும். ஆனால் உங்கள் அலுவலகம் எந்த வங்கிக்காக வேலை செய்கிறது என்பதை மட்டும் எழுதிவிடாதீர்கள். வாடிக்கையாளரின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று நீங்கள் கையெழுத்திட்டிருக்க வாய்ப்புண்டு.

கடிதத்திலேயே மிக முக்கியமான சொற்கள் "மாலை 7 மணிக்குள்" என்பவைதான். மின்னஞ்சலுக்குப் பதில் எப்போது வரும் என்று தெரியாததால்தான் ரெக்ரூட்டர்கள் அதை நம்புவதில்லை. அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. நீங்கள் ஒரு நேரத்தைச் சொல்லி, முதல் முறை அதைக் காப்பாற்றிவிட்டால், அடுத்த காலியிடம் வரும்போது அவரே முதலில் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவார். காப்பாற்ற முடியாத நேரத்தைச் சொல்லாதீர்கள். "ஒரு மணி நேரத்தில்" என்று சொல்லிவிட்டு லாக்கருக்கு வெளியே வர முடியாமல் தவிப்பதைவிட "மாலைக்குள்" என்று சொல்லி மதியமே பதில் அனுப்புவது நல்லது.

இந்தச் செய்தியை யாரிடம் சொல்வது? தவறிய அழைப்பு எண்கள் ஒவ்வொன்றுக்கும் குறுஞ்செய்தியாகச் சுருக்கி அனுப்பலாம்: "அழைத்தீர்கள், எடுக்க முடியவில்லை. எந்த நிறுவனத்துக்கான வாய்ப்பு என்று இந்த மின்னஞ்சலுக்கு எழுதினால் இன்று மாலைக்குள் பதில் தருகிறேன்" என்று, முகவரியோடு. அதோடு நிற்கக் கூடாது. ஒரே கன்சல்டன்சியில் இன்று ஒருவர் அழைப்பார், நாளை பக்கத்து இருக்கைக்காரர் அழைப்பார். ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது. எனவே அவர்கள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிவையுங்கள். ரெஸ்யூமேவின் தலைப்பகுதியில் மின்னஞ்சலை முதலிலும் கைபேசி எண்ணை அடுத்தும் போட்டு, எண்ணுக்குப் பக்கத்திலேயே "1.15–1.45, 6.45-க்குப் பிறகு" என்று குறியுங்கள். நௌக்ரியில் உங்களைப் பற்றிய சுருக்கத்தின் முதல் வரியிலும் இதையே எழுதுங்கள். எண்ணைத் தேடிக் கண் போகும் இடத்தில் நேரமும் இருந்தால்தான் பார்ப்பார்கள். மூன்றாம் பக்கத்தின் அடியில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

மின்னஞ்சலை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு உங்கள் லாக்கர் மட்டும் காரணமில்லை. இரண்டு இடங்களில் எழுத்து ஆதாரம் உங்களைக் காப்பாற்றும்.

முதலாவது, ஒரே நிறுவனத்துக்கு இரண்டு கன்சல்டன்சிகள் உங்கள் ரெஸ்யூமேவை அனுப்பிவிடுவது. பலரும் அறியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். தொலைபேசியில் ஒருவர் "ஒரு பெரிய வங்கி, சம்பளம் நன்றாக இருக்கும், அனுப்பட்டுமா" என்கிறார். நீங்கள் "சரி" என்கிறீர்கள். மறுநாள் இன்னொருவர் அதே வேலையை வேறு விதமாக விவரிக்கிறார், அதற்கும் "சரி". இரண்டு ரெஸ்யூமேக்களும் ஒரே நிறுவனத்தில் போய் விழுகின்றன. மின்னஞ்சல் முகவரியும் கைபேசி எண்ணும் ஒன்றாக இருப்பதால் நிறுவனத்தின் கணினி உடனே கண்டுபிடித்துவிடும். ஓர் ஆளை முதலில் அனுப்பிய கன்சல்டன்சிக்கே குறிப்பிட்ட காலத்துக்கு உரிமை என்று நிறுவனங்கள் ஒப்பந்தம் வைத்திருக்கும். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. யாருக்குப் பணம் கொடுப்பது என்ற தகராறு வந்தால், அந்த வம்பே வேண்டாம் என்று சில நிறுவனங்கள் ஆளையே தள்ளிவைத்துவிடுகின்றன. தகுதியில் குறை இல்லாதவர்கள் இப்படி வாய்ப்பிழப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் மனம் பொறுக்காது.

இதைத் தடுக்க ஒரு வரி போதும். "இந்த நிறுவனத்தின் இந்தப் பணிக்கு என் ரெஸ்யூமேவை அனுப்ப உங்களுக்கு இன்று ஒப்புதல் தருகிறேன்" என்று நிறுவனத்தின் பெயரோடு மின்னஞ்சலில் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாதவருக்கு ஒப்புதல் தராதீர்கள். பெயரை ஆரம்பத்தில் மறைத்துப் பேசுவது அவர்கள் தொழில் பழக்கம், அதில் தவறில்லை. ஆனால் அனுப்பும் முன் சொல்லியே ஆக வேண்டும். அடுத்தவர் அதே நிறுவனத்துக்காக வந்தால் "நன்றி, இந்த நிறுவனத்துக்கு இந்தத் தேதியில் வேறொருவர் மூலம் விண்ணப்பித்துவிட்டேன்" என்று சொல்லிவிடலாம். தகராறு வந்தாலும் நாளும் நேரமும் பதிந்த உங்கள் மின்னஞ்சல்தான் சாட்சி.

இரண்டாவது, சம்பளம். இதைப் பேசத் தொலைபேசிதான் சரி, எழுத்தில் பேரம் பேசினால் விறைப்பாக இருக்கும். ஆனால் பேசி முடித்த அன்றே எழுத்தில் ஆக்கிவிடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு. தொலைபேசியில் "எட்டரை லட்சம் முடித்துவிட்டேன்" என்று ரெக்ரூட்டர் சொல்கிறார். உங்கள் மனதில் அது மாதாமாதம் கைக்கு வரும் கணக்கு. பணி ஆணை வரும்போது பார்த்தால் அந்த எட்டரையில் ஒரு லட்சம், ஆண்டு இறுதியில் மதிப்பீட்டைப் பொறுத்து வரும் ஊக்கத்தொகை. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கும் பணிக்கொடையும் உள்ளே சேர்ந்திருக்கின்றன. ரெக்ரூட்டர் பொய் சொல்லவில்லை, சி.டி.சி. என்பதில் இவையெல்லாம் அடங்கும். பேசிய அன்று மாலை "நாம் பேசியபடி ஆண்டுக்கு 8.5 லட்சம், இதில் நிலையான தொகை எவ்வளவு, மாறும் தொகை எவ்வளவு என்று உறுதிசெய்யுங்கள்" என்று இரண்டு வரி எழுதியிருந்தால், நீங்கள் பழைய வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்பே இது தெரிந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் இதையே செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் அனுப்பியவர் எல்லோருக்குமாகச் செய்தியை அழித்துவிட முடியும், மறையும் செய்தி என்று அமைத்துவிட்டால் சில நாள்களில் தானே போய்விடும். ஆறு வாரம் கழித்து ஐம்பது "குட் மார்னிங்" செய்திகளுக்கு நடுவே சம்பள விவரத்தைத் தேடுவதும் எளிதல்ல. வாட்ஸ்அப் நன்றாக உதவும் இடம் வேறு. நேர்காணல் அன்று காணொலி இணைப்பு திறக்கவில்லை, எந்த வாயில் வழியாக வர வேண்டும், ஓ.எம்.ஆர். நெரிசலில் பத்து நிமிடம் தாமதம். இவற்றுக்கு அதைவிட வசதி எதுவும் இல்லை. வெறும் "ஹாய்" அனுப்புகிறவர்களுக்கு, குறுஞ்செய்தியில் அனுப்பும் அதே இரண்டு வரிகளை ஒட்டிவிடுங்கள். உண்மையான காலியிடம் கையில் இருப்பவர் மின்னஞ்சல் அனுப்புவார்.

ஆதார், பான், சம்பளச் சீட்டு ஆகியவற்றை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். முதல் கட்டத்தில் அவை யாருக்கும் தேவையில்லை. தேர்வான பிறகு, நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து கேட்டால் அந்த முகவரிக்கு அனுப்புங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால் அது வேலை வாய்ப்பே அல்ல. பணம் கொடுத்து ஏமாந்தவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிகளுக்கான உதவி எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டிய ஏற்பாடு சிறியதுதான். வேலை தேடலுக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் முகவரி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மட்டும் கைபேசியில் ஒலி அறிவிப்பு. அலுவலக முகவரியை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். மதிய இடைவேளையில் ஒருமுறை, வேலை முடிந்து லாக்கரைத் திறந்ததும் ஒருமுறை பாருங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது தேடல் பெட்டியில் `in:spam` என்று தட்டுங்கள். புதிய கன்சல்டன்சிகளின் மின்னஞ்சல்கள் அங்கே போய் விழுவது அடிக்கடி நடக்கும், முப்பது நாளில் ஜிமெயில் அவற்றை அழித்தும்விடும். வாட்ஸ்அப் அமைப்புகளில் சுயவிவரப் படம், கடைசியாகப் பார்த்த நேரம், குழுவில் சேர்க்கும் உரிமை மூன்றையும் "என் தொடர்புகள்" என்று மாற்றிவிடுங்கள். உங்களைக் கேட்காமலே "அவசர வேலை வாய்ப்புகள்" குழுவில் சேர்க்கிறவர்கள் இதோடு நிற்பார்கள்.

இவ்வளவு சொல்லியும் ஒருவர் காலை 11 மணிக்கே திரும்பத் திரும்ப அழைத்தால்? மாலையில் ஒருமுறை நீங்களே அழைத்து, "சார், பகலில் என் கைபேசி லாக்கரில் இருக்கிறது, உங்கள் அழைப்பு எனக்கு வந்து சேராது. மின்னஞ்சல் அனுப்பினால் அன்றே பதில் வரும்" என்று மென்மையாகச் சொல்லுங்கள். அவரிடம் நல்ல காலியிடம் இருக்கிறது, ஆனால் எழுதவே மாட்டார் என்றால் அவருக்காக நீங்கள் கொஞ்சம் வளைந்து கொடுங்கள். மதிய நேரத்தில் பேசிவிட்டு, பேசியதை நீங்களே சுருக்கி அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடலாம். பதிவு என்னவோ இருந்துவிடுகிறது. நேரடியாக நிறுவனத்தின் மனிதவளத் துறையிலிருந்து அழைப்பு வந்து, இரண்டாம் சுற்றுக்கு நேரம் கேட்டால், உங்கள் நேரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அரை நாள் விடுப்பு எடுத்தாவது அவர்கள் நேரத்துக்குப் போங்கள்.

நான் சொல்வது உங்களைப் போன்று கணக்கு, மென்பொருள், நிர்வாகப் பணிகளில் அனுபவத்தோடு மாறுகிறவர்களுக்குப் பொருந்தும். கடை, கிடங்கு, டெலிவரி, உற்பத்திப் பிரிவு, அல்லது ஒரே நாளில் நூறு பேரை எடுக்கும் வாக்-இன் நேர்காணல்கள் வேறு. அங்கே எல்லாமே தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும்தான் நடக்கும். உங்கள் தம்பியோ தங்கையோ அப்படி ஒரு வேலை தேடினால் மின்னஞ்சலை நம்பி உட்காரச் சொல்லாதீர்கள்.

இரண்டு மூன்று வாரம் இப்படி நடத்திப் பாருங்கள். அழைப்புகள் குறையும், அது கவலைக்குரியதல்ல. வரும் மின்னஞ்சல்களில் நிறுவனத்தின் பெயரும் பணி விவரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஏற்பாடு வேலை செய்கிறது. அழைப்புகளும் நின்று மின்னஞ்சல்களும் வரவில்லை என்றால், முதலில் ஸ்பேமைப் பாருங்கள், பிறகு ரெஸ்யூமேவில் முகவரி எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால், எதிர்பார்க்கும் சம்பளத்தையோ நோட்டீஸ் காலத்தையோ பார்த்தே ஒதுக்குகிறார்கள் என்று பொருள். நோட்டீஸ் காலம் 90 நாளாக இருந்தால், அதைப் பணம் கட்டிக் குறைத்துக்கொள்ள உங்கள் நிறுவனம் இடம் தருகிறதா என்று விசாரித்து, தருமானால் அதையும் அந்த ஆறு விவரங்களோடு எழுதுங்கள்.

வேலை கிடைத்துச் சேரும் தேதி உறுதியானதும், பேச்சுவார்த்தையில் இருக்கும் மற்ற ரெக்ரூட்டர்கள் எல்லோருக்கும் அதே முகவரியிலிருந்து நன்றி சொல்லி விலகிக்கொள்ளுங்கள், நௌக்ரியில் உங்கள் விவரங்கள் தேடலில் வராதபடி மறைத்துவிடுங்கள். சேரப்போகும் நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு மட்டும் எந்த நேரத்திலும் அழைக்கலாம் என்று சொல்லி, லாக்கரில் கைபேசி இருக்கும்போது அவசரத்துக்கு வீட்டில் ஒருவருடைய எண்ணையும் கொடுத்துவையுங்கள்.